நாட்குறிப்பைச் சுருக்கும்போது ‘நான்’ என்பதா, ‘அவர்’ என்பதா?

குழித்துறைக் கரை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசகசாலை, குமரிப் பகுதிகள் தமிழகத்துடன் இணைந்த நவம்பர் 1 இணைப்பு நாளையொட்டி ஒரு சிறு மலர் கொண்டுவருகிறது. விளவங்கோடு வட்டத்தில் பள்ளி ஆசிரியராக இருந்து மறைந்த ஒருவரின் நாட்குறிப்புகளை அவருடைய மகள் எங்களிடம் தந்திருக்கிறார். பக்கங்கள் குறைவு என்பதால் பல பதிவுகளை முழுமையாக அச்சிட இயலாது. மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கித்தான் தர வேண்டும். இங்கேதான் எங்கள் குழு இரண்டாகப் பிரிந்துவிட்டது. எழுதியவரின் குரலிலேயே ‘நான்’ என்று சுருக்க வேண்டும் என்கிறார்கள் சிலர். ‘அவர்’ என்று படர்க்கையில் சுருக்குவதே முறை என்கிறார்கள் மற்றவர்கள்.

சிக்கலைக் கிளப்பிய பதிவை அப்படியே தருகிறேன்.

“1129 ஆடி, புதன். காலையில் சாரல். மணி அடித்தும் பிள்ளைகள் பாதிப் பேர் வரவில்லை. பதினொரு மணி வாக்கில் மாமா வந்து, சந்தைப் பக்கம் போகாதே, கூட்டம் கூடியிருக்கிறது என்றார். நாங்கள் போகவில்லை. மத்தியானம் கழிந்து, மார்த்தாண்டத்தில் சுட்டுவிட்டார்கள் என்று இரண்டு பிள்ளைகள் ஓடிவந்து சொன்னார்கள். எத்தனை பேர் என்பதற்கு ஆளுக்கொரு கணக்கு. புதுக்கடையிலும் சுட்டதாகச் சொல்லுகிறார்கள். நான் இன்று வாசலைத் தாண்டவில்லை. அதைப் பற்றி இப்போது எழுத மனமில்லை. நாளைக்குத் தாலுக்காக் கச்சேரிக்குப் போகவேண்டும், முடியுமா தெரியவில்லை. சம்பளம் இன்னும் வரவில்லை. நம்முடைய ஊரில் இப்படி நடக்கும் என்று நினைக்கவில்லை.”

எங்கள் குழுவில் ஒரு நண்பர் இதைச் சுருக்கியது பின்வருமாறு: “1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. மாமா தடுத்ததால் நான் சந்தைக்குப் போகவில்லை. பயத்தால் வீட்டைவிட்டு வெளியே வரவே இல்லை. எங்கள் ஊரில் இப்படி நடக்கும் என்று நான் நினைக்கவில்லை.”

மெய்ப்புப் பார்க்க வந்த மகள் இதைப் படித்துவிட்டு, “அப்பா இப்படி எழுதவில்லையே” என்றார். எந்தச் சொல் தவறு என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நாகர்கோவில் பயிற்றுநர்

இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. சுருக்கி வரைதலின் விதி தெளிவானது: மூலத்தின் மூன்றில் ஒரு பங்கு, சொந்தச் சொற்கள், நேர்கூற்று அயற்கூற்றாக மாற வேண்டும், தன்மை படர்க்கையாக மாற வேண்டும். போட்டித் தேர்வுக்குப் பயிலும் மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக இதைத்தான் சொல்லித் தருகிறேன். ‘நான்’ என்று எழுதுகிறவர்களின் விடைத்தாளில் மதிப்பெண் குறைவதை நேரிலேயே கண்டிருக்கிறேன்.

உங்கள் நண்பரின் சுருக்கம் அளவில் சரியாகவே இருக்கிறது. விகுதிகளை மட்டும் மாற்றினால் போதும். “மாமா தடுத்ததால் அவர் சந்தைக்குப் போகவில்லை. பயத்தால் வீட்டைவிட்டு வெளியே வரவே இல்லை. தம் ஊரில் இப்படி நடக்கும் என்று அவர் நினைக்கவில்லை.” இவ்வளவுதான் வேலை.

தோவாளை வாசகி

பயிற்றுநர் சார் சொல்வதை நான் ஏற்கவில்லை. தேர்வுத்தாள் வேறு, மலர் வேறு. நாட்குறிப்பு என்பதே ஒருவர் தமக்குத்தாமே பேசிக்கொள்வது. “வாசலைத் தாண்டவில்லை” என்று அந்த மனிதர் எழுதுவதில் இருக்கும் உயிர், “அவர் வாசலைத் தாண்டவில்லை” என்று ஆக்கியவுடன் போய்விடுகிறது. ஏதோ காவல் நிலையத்தில் எழுதிய வாக்குமூலத்தைப் படிப்பது போல ஆகிறது. எழுபது ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த ஒருவரின் குரலைக் கேட்கத்தானே வாசகர்கள் இந்த மலரை வாங்குவார்கள்? ‘அவர்’ என்று எழுதினால் கேட்பது சுருக்கியவரின் குரல்தான். ஆகவே ‘நான்’ என்பதை வைத்துக்கொண்டே நண்பரின் சுருக்கத்தைச் செம்மைப்படுத்தலாம் என்பது என் கருத்து.

பத்மநாபபுரம்

நல்ல கேள்வி. நாட்குறிப்பை எப்போதும் ‘நான்’ என்றுதான் எழுத வேண்டும். எனக்கும் இருபது வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. சிலர் தங்களையே ‘அவன்’ என்று குறித்து எழுதுவார்கள். அது செயற்கையாகத் தோன்றும். தினமும் இரவு உறங்கும் முன் எழுதுவது நல்லது, மறுநாள் எழுதினால் பாதி மறந்துவிடும்.

குழித்துறைக் கரை

பத்மநாபபுரம் அண்ணனுக்கு நன்றி. நான் கேட்டது, நாம் நாட்குறிப்பு எழுதும் முறையைப் பற்றி அன்று. வேறொருவர் எழுதிவைத்த பதிவை நாம் சுருக்கும்போது எந்த இடத்தில் நின்று எழுதுவது என்பதைப் பற்றியே கேட்டேன்.

வேளிமலை

குழித்துறைக் கரை அவர்களே, அந்த அம்மையார் “அப்பா இப்படி எழுதவில்லை” என்றது முற்றிலும் சரியானது. பயிற்றுநர் சொன்னபடி விகுதிகளை மாற்றினாலும் அவர் அதையே சொல்வார். ஏனென்றால் பிழை விகுதியில் இல்லை. மூலத்தையும் நண்பரின் சுருக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு தொடருக்கும் “இதை யார் சொல்கிறார்?” என்று கேட்டுப் பாருங்கள்.

முதல் தொடரில் “மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது” என்று இருக்கிறது. அது நடந்ததுதான், தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்துடன் இணைக்கக் கோரி நடந்த போராட்டத்தில் 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் அவ்விரண்டு இடங்களிலும் காவல்துறை சுட்டது என்பது நம் மாவட்டத்தில் எல்லாரும் அறிந்த வரலாறு. ஆனால் நாட்குறிப்பு எழுதியவர் அதைப் பார்க்கவில்லை. மார்த்தாண்டத்துச் செய்தி இரண்டு பிள்ளைகள் ஓடிவந்து சொன்னது. புதுக்கடைச் செய்தி “சுட்டதாகச் சொல்லுகிறார்கள்” என்ற அளவில் அவர் காதுக்கு வந்தது. அன்று மாலை ஒரு சிற்றூரில் இருந்தவருக்கு எது எவ்வளவு தெரிந்திருந்தது என்பதே அந்தப் பதிவின் மதிப்பு. “ஆளுக்கொரு கணக்கு” என்று அவர் எழுதினாரே, அந்தத் தயக்கத்தைத் துடைத்துவிட்டு உறுதியான செய்தியாக மாற்றி, அதையும் ‘நான்’ என்ற குரலுக்குள் வைத்தால், கண்ணால் கண்ட சாட்சி சொல்வது போல ஆகிவிடுகிறது. நாளைக்கு ஓர் ஆய்வு மாணவர் உங்கள் மலரைக் கையில் எடுத்து, நேரில் கண்டவரின் நாட்குறிப்பு என்று மேற்கோள் காட்டினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

அடுத்தது, “1954 ஆகஸ்டு 11” என்ற தேதி. அவர் எழுதியது “1129 ஆடி, புதன்” என்று. அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் கொல்லம் ஆண்டைக் குறிப்பது வழக்கம். சுருக்குகிறவர் அதை மாற்றித் தருவது வாசகருக்கு உதவி. ஆனால் அது சுருக்குகிறவரின் சொல். ‘நான்’ என்று பேசும் பத்திக்குள் அதை வைத்தால் அவரே அப்படி எழுதியதாக ஆகிறது. படர்க்கையில் எழுதும்போது, “1129 ஆடி மாதத்து ஒரு புதன்கிழமை, அதாவது 1954 ஆகஸ்டு 11 அன்று” என்று நம் விளக்கத்தை நம் குரலிலேயே சேர்க்க இடம் கிடைக்கிறது. படர்க்கையின் பெரிய பயன் இதுதான் என்று நான் கருதுகிறேன்: யார் சொன்னது, யார் விளக்கியது என்ற கோடு வெளியே தெரியும்.

மூன்றாவதாக, “மாமா தடுத்ததால்” என்பது. மூலத்தில் மாமா சொன்னது ஒரு தொடர், “நாங்கள் போகவில்லை” என்பது மற்றொரு தொடர். இரண்டையும் அவர் அடுத்தடுத்து வைத்தாரே தவிர, ‘ஆல்’ போட்டு இணைக்கவில்லை. மாமா தடுத்ததால் போகவில்லையா, போகும் எண்ணமே இல்லையா என்பது நமக்குத் தெரியாது. சுருக்கும்போது இரு தொடர்களை ஒன்றாக்க நம் கை தானாகவே ‘ஆல்’, ‘எனவே’, ‘ஆகையால்’ என்று தேடும். அங்கேதான் மூலத்தில் இல்லாத காரணம் நுழைகிறது. இது படர்க்கையிலும் அப்படியே நிகழும் என்பதைப் பயிற்றுநர் சாரின் மாற்றமே காட்டுகிறது.

நான்காவது ‘எங்கள்’. மூலத்தில் அவர் போகாததைச் சொல்லும்போது “நாங்கள்” என்கிறார். ஊரைச் சொல்லும்போது “நம்முடைய ஊர்” என்கிறார். முன்னதில் அவரும் உடனிருந்த சிலரும் மட்டுமே இருக்கிறார்கள்; பின்னதில் படிக்கிறவரும் சேர்ந்துவிடுகிறார். தனக்காக மட்டும் எழுதும் ஒருவர் ‘நம்முடைய’ என்று யாரைச் சேர்த்துக்கொண்டார் என்பது எண்ணிப் பார்க்க வேண்டியது. அதை ‘எங்கள்’ என்று மாற்றினால் அந்தச் சேர்க்கை போய்விடும்; படர்க்கையில் ‘தம் ஊர்’ என்றாலும் போய்விடும். ஆகவே அந்த ஒரு தொடரை மட்டும் மேற்கோள் குறிக்குள் அவருடைய சொல்லிலேயே வைப்பதுதான் வழி. தோவாளை வாசகி கேட்கும் உயிரும் அப்படித்தான் மிஞ்சும் என்பது என் அனுபவம்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. “பயத்தால்” என்ற சொல் எங்கிருந்து வந்தது? பதிவில் பயம் என்ற பேச்சே இல்லையே?

குழித்துறைக் கரை

ஐயா, அதற்கு ஒரு காரணம் உண்டு. அதே ஆசிரியர் ஓய்வு பெற்ற பிறகு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் தம் வாழ்க்கை நினைவுகளையும் எழுதியிருக்கிறார். நண்பர் இரண்டையும் படித்தவர். அதில் அந்த நாளைப் பற்றி இப்படி வருகிறது:

“அன்றைக்கு நான் சந்தைக்குப் போயிருக்க வேண்டும். பயந்துவிட்டேன் என்பதுதான் உண்மை. அப்போது அதைப் பயம் என்று எண்ணவில்லை; பெரியவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டதாகவே நினைத்திருந்தேன்.”

எனவே ‘பயத்தால்’, ‘மாமா தடுத்ததால்’ என்ற இரண்டுமே அவர் எழுதியவைதாம் என்று நண்பர் வாதிடுகிறார்.

வேளிமலை

அப்படியானால் நம் நண்பர் கெட்டிக்காரர். ஆனால் இரண்டு மனிதர்களை ஒருவராக்கிவிட்டார். 1954இல் எழுதியவருக்கு மறுநாள் கச்சேரிக்குப் போக முடியுமா என்பதுகூடத் தெரியாது. நோட்டுப் புத்தகத்தில் எழுதியவருக்கு 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழகத்துடன் இணைந்ததும் தெரியும், தமக்குப் பின்னால் நடந்த அத்தனையும் தெரியும். நாட்குறிப்பில் ஒரே ஒரு ‘நான்’ இருக்கிறது. அது அன்றைய மாலைக்கு அப்பால் எதையும் அறியாது. நினைவுக்குறிப்பில் இரண்டு ‘நான்’ இருக்கின்றன: அன்று செயல்பட்ட இளைஞர் ஒருவர், இன்று அவரைத் திரும்பிப் பார்க்கும் முதியவர் ஒருவர். “அப்போது அதைப் பயம் என்று எண்ணவில்லை” என்ற தொடரில் இந்த இருவரும் எதிரெதிரே நிற்கிறார்கள்.

இதனால்தான் நினைவுக்குறிப்பைச் சுருக்கும்போது படர்க்கை இன்னும் பயன்படுகிறது, இன்னும் ஆபத்தாகவும் இருக்கிறது. “அவர் பயந்து போகவில்லை” என்று சுருக்கினால் முதியவரின் தீர்ப்பை இளைஞரின் மனநிலையாக ஆக்கிவிடுகிறோம். “அன்று மூத்தவரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டதாகவே தாம் நினைத்ததாகவும், அது பயமே என்று பிற்காலத்தில் கருதுவதாகவும் எழுதுகிறார்” என்று சுருக்கினால் இருவரும் தனித்தனியே தெரிகிறார்கள். இதையே ‘நான்’ என்று சுருக்கவும் முடியும். “அன்று கட்டுப்பட்டதாக நினைத்தேன், இன்று பயம் என்று தோன்றுகிறது” என்று எழுதலாம். ஆனால் அங்கே ‘இன்று’ என்பது எந்த நாள்? அவர் எழுதிய நாளா, மலர் அச்சாகும் நாளா? மறைந்த ஒருவரின் வாயில் ‘இன்று’ என்ற சொல்லை நாம் வைக்கும்போது இந்தக் கேள்வி எழும்.

நாட்குறிப்பின் சுருக்கத்தில் நினைவுக்குறிப்பின் ஒரு சொல்லையும் கலக்காதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். இரண்டையும் தர விரும்பினால் இரண்டு பத்தியாகத் தாருங்கள்.

நாகர்கோவில் பயிற்றுநர்

வேளிமலை ஐயா சொன்ன காரணம் பற்றிய குறையை ஏற்கிறேன். இனி மாணவர்களுக்கும் அதைச் சொல்வேன். ஆயினும் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. ஒவ்வொரு தொடரின் முடிவிலும் “என்று எழுதுகிறார்”, “என்று கூறுகிறார்”, “என்று குறிப்பிடுகிறார்” என்று போட்டுக்கொண்டே போனால் மூன்றில் ஒரு பங்கில் பாதி இதற்கே போய்விடும், படிக்கவும் சலிப்பாக இருக்கும். இன்னொன்று, ‘அவர்’ என்று எழுதும்போது மாமாவும் ‘அவர்’, எழுதியவரும் ‘அவர்’ என்று ஆகிறது. அதற்கு என்ன செய்வது?

வேளிமலை

இரண்டும் நியாயமான கேள்விகள். முதலாவதற்கு, ஒவ்வொரு தொடருக்கும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பத்தியின் தொடக்கத்தில் ஒரு முறை “இப்பதிவில் அவர் சொல்வது” என்று நிறுத்திவிட்டால், அவர் நேரில் அறிந்த செய்திகளைச் சாதாரண இறந்தகாலத்தில் சொல்லிக்கொண்டே போகலாம்: “பாதிப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை.” அவர் கேட்டறிந்தவற்றுக்கும், எண்ணியவற்றுக்கும், தயங்கியவற்றுக்கும் மட்டும் வினைமுற்றைத் தனியே இடுங்கள். அப்படி இடும் வினையையும் பார்த்து எடுக்க வேண்டும். ‘எழுதுகிறார்’, ‘சொல்கிறார்’ என்பவை எந்தப் பக்கமும் சாயாதவை. ‘குறிப்பிடுகிறார்’ என்றால் அது உண்மை என்று நாமும் ஏற்பது போன்ற தொனி வருகிறது. ‘ஒப்புக்கொள்கிறார்’ என்றால் குற்றவாளியாக நிறுத்திவிடுகிறோம். “வாசலைத் தாண்டவில்லை என்று ஒப்புக்கொள்கிறார்” என்று படித்துப் பாருங்கள், அவர் எழுதாத குற்ற உணர்வு உள்ளே வந்துவிடுகிறது.

இரண்டாவதற்குத் தமிழில் ‘தாம்’ என்ற சொல் கைகொடுக்கிறது. “தாம் வாசலைத் தாண்டவில்லை என்று எழுதுகிறார்” என்றால் தாண்டாதவர் எழுதியவரே. அங்கே குழப்பம் இல்லை. ஆனால் கூற்றுக்குள் கூற்று வந்தால் ‘தாமும்’ வழுக்கிவிடும். “தாம் சந்தைக்குப் போவதில்லை என்று மாமா சொன்னதாக எழுதுகிறார்” என்ற தொடரில் போகாதவர் மாமாவா, எழுதியவரா? அப்படிப்பட்ட இடத்தில் பெயர்ச்சொல்லே பாதுகாப்பு. உங்கள் மலரில் ‘ஆசிரியர்’ என்று எழுதலாம் என்று தோன்றும். ஆனால் இவர் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர் என்பதால் ‘நாட்குறிப்பு எழுதியவர்’ என்று ஒரு முறை விரித்துச் சொல்வது நல்லது.

இதைவிடப் பெரிய பொறி ‘என்று’ என்ற சொல். “நான் இன்று வாசலைத் தாண்டவில்லை என்று எழுதுகிறார்” என மேற்கோள் குறியில்லாமல் நம்மவர் எழுதுவது வழக்கம். பேச்சில் குரலே காட்டிக்கொடுக்கும் என்பதால் குழப்பம் வராது. அச்சில் ‘நான்’, ‘இன்று’ இரண்டும் யாருடையவை என்பது தொங்கலில் நிற்கும். சுருக்கத்தை எழுதியவரே குடும்பத்தினராக இருந்தால் நிலை இன்னும் மோசம். ‘மாமா’ என்பது எழுதியவரின் மாமா. அதையே மகள் தம் முன்னுரையில் “மாமா வந்து தடுத்தார்” என்று எழுதினால் மகளின் மாமா ஆகிவிடுகிறார். ‘தம் மாமா’ என்று எழுதுங்கள். ‘இன்று’ என்பது ‘அன்று’ ஆகட்டும், ‘நாளைக்கு’ என்பது ‘மறுநாள்’ ஆகட்டும். ‘வந்து சொன்னார்கள்’ என்பதை மட்டும் ‘சென்று’ என்று மாற்றி விடாதீர்கள். பிள்ளைகள் ஓடிவந்தது அவரை நோக்கித்தான், அந்தத் திசை படர்க்கையிலும் மாறாது.

குளச்சல் மகள்

இந்த இழையைப் படித்த பிறகு எனக்கும் ஒரு கேள்வி. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி வந்தபோது எங்கள் வீட்டிலும் இழப்பு நேர்ந்தது. அதற்குப் பிறகு என் அம்மா ஒரு பள்ளிக்கூட நோட்டில் அவ்வப்போது எழுதி வந்தார். அதில் அவர் ‘நான்’ என்று எழுதவே இல்லை. தம்மைத் தாமே ‘நீ’ என்று அழைக்கிறார். “நீ ஏன் திரும்பிப் பார்த்தாய்?”, “நீ இனி அந்தப் பக்கம் போகாதே” என்ற விதமாகவே எல்லாப் பக்கங்களும் இருக்கின்றன. எங்கள் தேவாலயப் பங்கில் நினைவு நாளுக்கு ஒரு பக்கம் சுருக்கித் தரக் கேட்டிருக்கிறார்கள். ‘அவர் திரும்பிப் பார்த்தார்’ என்று எழுதினால் வெறும் நிகழ்ச்சியாகிறது. ‘நான் திரும்பிப் பார்த்தேன்’ என்பது அம்மா எழுதாதது. ‘நீ’ என்றே வைத்துச் சுருக்கினால் நான் என் அம்மாவை ஒருமையில் அழைப்பது போல ஆகிறது. அதோடு, அம்மாவை ‘எழுதுகிறாள்’ என்பதா ‘எழுதுகிறார்’ என்பதா என்பதிலேயே எனக்குக் கை ஓடவில்லை. வீட்டில் நாங்கள் ‘அம்மா சொன்னா’ என்றுதான் பேசுவோம்.

தோவாளை வாசகி

குளச்சல் மகள் அக்கா, உங்கள் அம்மாவின் பக்கங்களைச் சுருக்கவே வேண்டாம் என்பது என் எண்ணம். ஒரு பக்கம்தான் இடம் என்றால், அவர் எழுதியவற்றிலிருந்து சில தொடர்களை அப்படியே எடுத்து, இடையில் விட்டவற்றுக்குப் புள்ளியிட்டு, மேலே “அம்மாவின் நோட்டிலிருந்து” என்று போட்டால் போதாதா? அங்கே ‘நீ’ என்று அழைப்பவர் நீங்கள் அல்லர் என்பது தலைப்பிலேயே தெரிந்துவிடும்.

வேளிமலை ஐயாவிடமும் இதைக் கேட்கிறேன். குழித்துறைப் பதிவுக்கும் இப்படிச் செய்யக்கூடாதா? அவருடைய சொல்லையே வெட்டித் தந்தால் ‘நான்’ என்பது பொய்யாகாதே?

வேளிமலை

ஆகாது. நீங்கள் சொல்வது பதிவிலிருந்து தேர்ந்தெடுத்துத் தருவது. அதில் ‘நான்’ தாராளமாக இருக்கலாம், ஏனென்றால் ஒவ்வொரு சொல்லும் அவருடையது. நம் சொல்லில் மாற்றி எழுதும்போதுதான் ‘நான்’ என்ற வேடம் தவறாகிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் மிகவும் கெடுதல்: பாதி அவருடைய தொடர், பாதி நம்முடைய தொடர், எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ‘நான்’. குழித்துறைக் குழு நண்பரின் சுருக்கம் அத்தகையதே. “நினைக்கவில்லை” என்பது அவர் சொல், “வெளியே வரவே இல்லை” என்பது நண்பரின் சொல். படிப்பவருக்கு எது எது என்று தெரிய வழியில்லை.

ஆனால் வெட்டித் தருவதிலும் ஒரு வரம்பு உண்டு. “சம்பளம் இன்னும் வரவில்லை” என்ற தொடரை யாராவது தேவையற்றது என்று வெட்டிவிடுவார்கள். துப்பாக்கிச் சூட்டுச் செய்திக்கும் ஊரைப் பற்றிய கடைசித் தொடருக்கும் நடுவில் சம்பளத்தைப் பற்றி எழுதியவர் ஒருவர். அதை எடுத்துவிட்டால் கிடைப்பவர் வேறொருவர். புள்ளிகள் எத்தனை வைத்தாலும் அந்த இழப்பை அவை சொல்லா.

குளச்சல் மகளுக்கு: அம்மாவை ‘எழுதுகிறார்’ என்று எழுதுங்கள் என்றே நான் சொல்வேன். அச்சில் படிப்பவர்கள் உங்கள் வீட்டார் அல்லர். தன்மையில் இருக்கும்வரை எழுதியவர் ஆணா பெண்ணா, சிறியவரா பெரியவரா என்று வினைமுற்று கேட்பதில்லை. படர்க்கைக்கு வந்தவுடன் ஆன், ஆள், ஆர் என்று ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டியிருக்கிறது. அந்தத் தேர்வு நம்முடையது என்ற நினைவு இருந்தால் போதும்.

குளச்சல் மகள்

ஐயா, நீங்கள் சொல்வது விளங்குகிறது. ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. ‘எழுதுகிறார்’ என்று போட்டால் அது யாரோ ஒரு பெரிய மனுஷியைப் பற்றிச் சொல்வது போல இருக்கிறது. ‘அம்மா எழுதியிருப்பது’ என்று பெயரெச்சமோ தொழிற்பெயரோ கொண்டு விகுதியே வராமல் எழுத முடியுமா என்று முயன்று பார்க்கிறேன். ‘நீ’ என்பதைத் தோவாளைத் தங்கை சொன்னபடி அம்மாவின் சொல்லாகவே வைக்கிறேன்.

குழித்துறைக் கரை

அனைவருடைய கருத்தையும் குழுவில் படித்துக் காட்டினேன். இப்போது உருவாகியிருக்கும் சுருக்கம் இது:

“1129 ஆடி மாதத்து ஒரு புதன்கிழமை, அதாவது 1954 ஆகஸ்டு 11 அன்று எழுதிய பதிவு இது. அன்று பள்ளிக்குப் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. கூட்டம் கூடியிருக்கும் சந்தைப் பக்கம் போக வேண்டாம் என்று தம் மாமா வந்து சொன்னதையும், தாமும் உடனிருந்தவர்களும் போகாததையும் எழுதுகிறார். மார்த்தாண்டத்தில் சுட்ட செய்தியைப் பிற்பகலில் பிள்ளைகள் ஓடிவந்து சொல்லியே அறிந்தார். புதுக்கடைச் செய்தியும் கேள்வியாகவே வந்தது. எத்தனை பேர் என்பதற்கு ‘ஆளுக்கொரு கணக்கு’ என்கிறார். அதைப் பற்றி அப்போது எழுத மனமில்லை என்கிறார். மறுநாள் கச்சேரிக்குப் போக முடியுமா என்ற ஐயமும், வராத சம்பளமும் அடுத்து வருகின்றன. ‘நம்முடைய ஊரில் இப்படி நடக்கும் என்று நினைக்கவில்லை’ என்பது கடைசித் தொடர்.”

மூன்றில் ஒரு பங்குக்கு எங்கோ போய்விட்டது. ஏறக்குறைய மூலத்தின் அளவுக்கே வந்திருக்கிறது. ஆனால் மகள் படித்துவிட்டு, இதில் தமக்கு மறுப்பு இல்லை என்றார்.

நாகர்கோவில் பயிற்றுநர்

தேர்வில் இதற்கு அளவுக்காகவே மதிப்பெண் குறையும் என்பதைச் சொல்லியாக வேண்டும். இவ்வளவு சிறிய பதிவைச் சுருக்குவதைவிட முழுமையாகவே அச்சிடலாமே? பல பக்கப் பதிவுகளுக்குத்தான் சுருக்கம் தேவை. அங்கே கேள்விச் செய்திகள் பலவற்றை ஒரே “கேள்வியாக அறிந்தவை” என்ற தொடருக்குள் அடக்கினால் அளவும் கட்டுக்குள் வரும்.

வேளிமலை

பயிற்றுநர் சொல்வது சரியான யோசனை. இதை முழுமையாகவே வெளியிடுங்கள். கொல்லம் ஆண்டுக்கு ஓர் அடிக்குறிப்பு போதும். நீண்ட பதிவுகளுக்கு இதே முறையைக் கையாளுங்கள்.

ஒரே ஒரு திருத்தம். “அதைப் பற்றி அப்போது எழுத மனமில்லை” என்று வைத்திருக்கிறீர்கள். இந்த ‘அது’ எது? சுட்ட செய்தியா, வாசலைத் தாண்டாததா? மூலத்தில் இதற்கு நேர் முன்னால் இருப்பது “நான் இன்று வாசலைத் தாண்டவில்லை” என்ற தொடர். உங்கள் சுருக்கத்தில் அந்தத் தொடரையே காணோம். ஆகவே ‘அது’ தானாகத் துப்பாக்கிச் சூட்டின்மேல் போய் விழுகிறது.

தோவாளை வாசகி

எனக்கு அது வாசலைத் தாண்டாததைப் பற்றியது என்றே படுகிறது, ஐயா. பிற்காலத்து நோட்டில் பயத்தைப் பற்றி அவர் எழுதியதும் அதைத்தான் காட்டுகிறது.

வேளிமலை

அப்படி இருக்கலாம், அம்மா. ஆனால் அந்த நோட்டை வைத்துக்கொண்டு இந்தப் பதிவுக்குப் பொருள் சொன்னால், நண்பர் செய்ததையே நாமும் செய்கிறோம். இரண்டு தொடர்களையும் அவர் எழுதிய வரிசையிலேயே, அடுத்தடுத்து, மேற்கோள் குறிக்குள் வைத்துவிடச் சொல்கிறேன்.

குழித்துறைக் கரை

அப்படியே வைக்கிறோம். மகளிடமும் கேட்டேன், அவர் அது சுட்ட செய்தியைப் பற்றியதுதான் என்கிறார். குழுவில் இருவர் தோவாளை வாசகியின் பக்கம். முழுப் பதிவாகவே அச்சிடலாமா என்பதை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முடிவு செய்வோம். நீண்ட பதிவுகளின் சுருக்கங்கள் ஆயத்தமானதும் இங்கேயே இடுகிறேன்.